எஃப்.டி.யைவிட மூன்று சதவீதம் கூடுதலா? அந்தப் பணம் எதற்கு என்று கணக்குப் போடுவது எப்படி

ஊரில் வட்டிக்கு விடுகிறவரிடம் நகையை வைத்தால் ஒரு வட்டி. தெரிந்த கடைக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஒன்றரை வட்டி. நேற்று குடிவந்த ஆள் வெறுங்கையோடு வந்து கேட்டால் மூன்று வட்டி, அதுவும் கொடுத்தால்தான். மூன்று பேருக்கும் கொடுப்பது அதே நூறு ரூபாய் நோட்டுதான். வட்டி மாறுவதற்குக் காரணம் ஆள்.

கடன் பத்திரம், அதாவது பாண்டு, வாங்கும்போது வட்டிக்கு விடுகிறவர் நீங்கள்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் கடன் வாங்க வந்தவர்போல் நடந்துகொள்கிறார்கள். விளம்பரத்தில் 10.5 சதவீதம் என்று பார்த்ததும் கை நீட்டிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் நகையோடு வந்தவரா, வெறுங்கையோடு வந்தவரா என்று பார்ப்பதில்லை. வங்கி வைப்பைத் தாண்டி முதல் முறையாக ஒரு பாண்டைப் பார்க்கும் எச்சரிக்கையான சேமிப்பாளர், அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். இந்தியச் சந்தையை வைத்துச் சொல்கிறேன். கணக்கு எந்த நாட்டுக்கும் ஒன்றுதான்.

முதலில், வரிசையில் உங்கள் இடம் எங்கே?

ரேட்டிங்கைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு நிறுவனம் கவிழ்ந்தால் மிச்சமுள்ள பணம் எல்லோருக்கும் சமமாகப் பிரியாது, அதற்கு ஒரு வரிசை உண்டு. சொத்து ஈடுள்ள பத்திரம் முன்னால் நிற்கும். ஈடில்லாத பத்திரம் அதற்குப் பின்னால். ‘சபார்டினேட்டட்’, ‘டயர் 2’, ‘பெர்பெச்சுவல்’ என்ற சொற்கள் பெயரில் இருந்தால் அது இன்னும் பின்னால்.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதை தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும். 2020 நவம்பர் 17ஆம் தேதி, பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு வந்தது. பத்து நாளில் வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. ஆனால் அதே வங்கியின் டயர் 2 பத்திரங்கள், சுமார் 318 கோடி ரூபாய், மொத்தமாக அழிக்கப்பட்டன. இரண்டு தரப்பும் பணம் கொடுத்தது ஒரே வங்கிக்குத்தான். வரிசையில் நின்ற இடம்தான் வேறு.

ஆகவே வங்கியின் பெயர் பத்திரத்தில் இருக்கிறது என்பதற்காக அதை எஃப்.டி.யாக நினைத்துவிடக் கூடாது. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. எந்த பாண்டுக்கும் அது கிடையாது. எச்சரிக்கையானவர்களுக்கு என் கருத்து இதுதான்: சபார்டினேட்டட், பெர்பெச்சுவல் என்ற சொற்களைப் பார்த்தால் அதற்கு மேல் படிக்க வேண்டாம், மூடிவிடுங்கள்.

ரேட்டிங் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது

இந்தியாவில் கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் போன்ற, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் பத்திரங்களுக்குத் தரக்குறியீடு தருகின்றன. எழுத்துகள் எல்லோருக்கும் பொது: AAA, AA, A, BBB, அதற்குக் கீழே BB, B, C, கடைசியில் D. இடையில் AA முதல் C வரை கூட்டல், கழித்தல் குறிகள் வரும். BBB-க்குக் கீழே போனால் முதலீட்டுத் தரம் இல்லை என்று பொருள்.

D என்பதன் கண்டிப்பைப் பலர் அறிவதில்லை. வட்டி ஒரே ஒரு நாள் தாமதமானாலும், ஒரே ஒரு ரூபாய் குறைந்தாலும் D. அதனால் இந்த எழுத்துகள் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: சொன்ன தேதியில் சொன்ன தொகை வந்து சேருமா? வராமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை இந்த எழுத்து பெரும்பாலும் சொல்வதில்லை. இடையில் விற்க நினைத்தால் வாங்க ஆள் இருக்குமா என்பதையும் சொல்லாது. சந்தை வட்டி ஏறினால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், AAA அதற்கும் கவசம் இல்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங்குக்குக் கட்டணம் கொடுப்பது பத்திரம் வெளியிடும் நிறுவனமே. தேர்வு எழுதுகிறவனே விடைத்தாள் திருத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு. ரேட்டிங்கைத் தூக்கி எறிய இது காரணமாகாது. அது மட்டும் போதாது என்பதற்குக் காரணம்.

எழுத்தைப் பார்த்ததும் நிறுத்தாமல், ரேட்டிங் நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பத்திரத்துக்கான அறிக்கையைத் தேடிப் படியுங்கள். இலவசம்தான், சில பக்கங்கள்தான். முதலில் தேதி: ஓராண்டுக்கு மேல் பழையதா? அடுத்து, எழுத்துக்குப் பின்னால் ‘நெகட்டிவ்’ என்றோ ‘வாட்ச்’ என்றோ, அதாவது ரேட்டிங் மாறலாம் என்ற முன்னறிவிப்பு, ஒட்டியிருக்கிறதா? நிறுவனம் தகவல் தர மறுக்கிறது என்ற குறிப்பு இருந்தால் அதுவே போதிய பதில். பிறகு எது நடந்தால் ரேட்டிங்கைக் குறைப்போம் என்று அவர்களே எழுதியிருக்கும் பகுதி. அறிக்கையில் நான் அதிகம் மதிப்பது அந்தப் பத்தியைத்தான். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் செய்தி வரும்போது அதற்குப் பொருள் புரியும்.

இனி கணக்கு: உண்மையான வட்டி எவ்வளவு

ஒரு கற்பனைப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். நகைக்கடனும் வாகனக்கடனும் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம், ரேட்டிங் A. முகமதிப்பு 1,000 ரூபாய், பத்திரத்தில் எழுதியிருக்கும் வட்டி, அதாவது கூப்பன், 10.5 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை. இன்னும் சரியாக மூன்று ஆண்டு பாக்கி. சந்தையில் 1,010 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உங்களுக்குக் கிடைக்கப்போவது 10.5 அல்ல. 1,010 கொடுத்து வாங்கி 1,000தான் திரும்பப் பெறுகிறீர்கள், அந்தப் பத்து ரூபாய் வட்டியைக் கடிக்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் வரும் வருவாயைத்தான் ஈல்டு என்கிறார்கள். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ இப்படிப் போட்டால் வந்துவிடும்:

```
=RATE(3, 105, -1010, 1000)
```

மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 105 ரூபாய் வட்டி, இன்று கையிலிருந்து போவது 1,010, கடைசியில் வருவது 1,000. விடை ஏறத்தாழ 10.1 சதவீதம். வட்டித் தேதிக்கு நடுவில் வாங்கினால் அதுவரை சேர்ந்த வட்டியையும் விற்பவருக்குச் சேர்த்துக் கொடுப்பீர்கள். அப்போது இந்த எளிய சூத்திரம் சற்று விலகும், ஆனால் முடிவெடுக்கப் போதும்.

அடுத்து இதே மூன்று ஆண்டுத் தவணையுள்ள இந்திய அரசுப் பத்திரம் என்ன ஈல்டு தருகிறது என்று பாருங்கள். ரூபாயில் கடன் வாங்குபவர்களில் அரசைவிட நம்பகமான ஆள் இல்லை என்பதால் அதுதான் அடித்தளம். ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் அரசுப் பத்திரங்களை நீங்களே வாங்கலாம், விலையும் பார்க்கலாம். தவணை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். மூன்று ஆண்டுப் பத்திரத்தைப் பத்தாண்டு அரசுப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் விடை தப்பாக வரும். நம் எடுத்துக்காட்டுக்கு அது 6.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

10.1-இலிருந்து 6.1 போக மீதி 4. இந்த நான்கு சதவீதம்தான் ஸ்ப்ரெட். ஊர்க் கணக்கில் சொன்னால், வெறுங்கையோடு வந்தவரிடம் கூடுதலாக வாங்கும் வட்டி.

அந்த நான்கு சதவீதத்தை உடைத்துப் பார்ப்போம்

ஸ்ப்ரெட் முழுவதும் பணம் வராமல் போகும் ஆபத்துக்கான கூலி அல்ல. தமிழ்நாடு அரசு வெளியிடும் பத்திரத்தைப் பாருங்கள். மாநில அரசுப் பத்திரங்களுக்கு வட்டியும் அசலும் செலுத்தும் வேலையை ரிசர்வ் வங்கியே பார்க்கிறது. இருந்தும் மத்திய அரசுப் பத்திரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, பொதுவாக அரை சதவீதத்தை ஒட்டி, ஈல்டு தருகிறது. தமிழ்நாடு பணம் தராமல் போய்விடும் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தபோது விற்க முடியாது, வாங்க ஆள் குறைவு என்பதற்கான கூலிதான் அதில் பெரும்பங்கு. நம் A பத்திரத்தின் நான்கு சதவீதத்திலும் அப்படி ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது.

இப்போதைக்கு அதை விட்டுவிட்டு, நான்கு முழுவதும் ஆபத்துக் கூலி என்றே வைப்போம். நிறுவனம் தவறினால் நூறு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் திரும்ப வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நட்டம் அறுபது. நான்கை அறுபதால் வகுத்தால் பதினைந்தில் ஒன்று.

பொருள் என்ன? இதேபோன்ற பதினைந்து நிறுவனங்களில் ஆண்டுக்கு ஒன்று கவிழ்ந்தால், நீங்கள் வாங்கிய கூடுதல் வட்டி முழுவதும் அந்த ஒரு கவிழ்ப்பில் போய்விடும். அரசுப் பத்திரமே வாங்கியிருக்கலாம் என்ற நிலை. அதைவிடக் குறைவாகக் கவிழ்ந்தால் லாபம். A ரேட்டிங் வாங்கிய நிறுவனங்கள் கடந்த காலத்தில் இதைவிட மிகக் குறைவாகவே தவறியிருக்கின்றன. ஒவ்வொரு ரேட்டிங் நிறுவனமும் தன் தளத்தில் ஓராண்டு, மூன்றாண்டுத் தவறுதல் விகித அட்டவணையை வெளியிட்டாக வேண்டும், அதில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வாங்கிவிடலாமே என்று தோன்றும். சிறு சேமிப்பாளர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்தக் கணக்கு பதினைந்து, முப்பது பத்திரம் வைத்திருப்பவருக்கு. உங்களிடம் இருக்கப்போவது ஒன்றோ இரண்டோ. ஒரு லட்சம் போட்டால் கூடுதலாக வருவது ஆண்டுக்கு 4,000. தவறினால் போவது 60,000. ஒரு தவறைச் சரிக்கட்டப் பதினைந்து ஆண்டுக் கூடுதல் வட்டி வேண்டும்.

வரியையும் சேர்த்தால் இன்னும் மோசம். வட்டி உங்கள் வருமான வரி அடுக்கில் சேரும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அந்த 4,000இல் கையில் நிற்பது 2,800. போன அசலை வட்டி வருமானத்தில் கழித்துக்கொள்ள வழியில்லை. அப்போது பதினைந்து ஆண்டு இருபத்தொன்றாகிறது.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. உங்களுக்குக் கிடைக்கும் மாற்று அரசுப் பத்திரம் மட்டும் அல்ல, 5 லட்சத்துக்குள் காப்பீடுள்ள எஃப்.டி.யும்தான். அது 7 சதவீதம் தருகிறது என்றால், நீங்கள் ஆபத்தை ஏற்பது நான்கு சதவீதத்துக்காக அல்ல, வெறும் 3.1 சதவீதத்துக்காக. பாண்டு விற்பவர் இந்த வரியைச் சொல்லமாட்டார்.

AAA என்ற எழுத்து எப்படி D ஆனது: டி.எச்.எஃப்.எல். கதை

2018 மே மாதம் திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ், சுருக்கமாக டி.எச்.எஃப்.எல்., பொதுமக்களிடம் என்.சி.டி. என்ற கடன் பத்திரங்களை விற்றது. ரேட்டிங் AAA, அதுவும் இரண்டு நிறுவனங்களிடமிருந்து. வட்டி 9 சதவீதத்தை ஒட்டி. அப்போது பத்தாண்டு அரசுப் பத்திரம் 7.8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆக, கூடுதல் வட்டி ஏறக்குறைய ஒன்றே கால் சதவீதம். அறுபது ரூபாய் நட்டக் கணக்கில் வைத்தால், சந்தை அதற்குக் கொடுத்த ஆபத்து ஆண்டுக்கு ஐம்பதில் ஒன்று அளவுதான்.

செப்டம்பரில், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஐ.எல்.&எஃப்.எஸ். குழுமம் பணம் கட்டத் தவறியது. அதுவும் ஆகஸ்ட் வரை AAA வைத்திருந்த நிறுவனம்தான், செப்டம்பர் நடுவில் D. எல்லோரும் நிதி நிறுவனங்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு மியூச்சுவல் ஃபண்ட் தன்னிடமிருந்த டி.எச்.எஃப்.எல்.லின் குறுகிய காலப் பத்திரங்களைச் சுமார் 11 சதவீத ஈல்டில் விற்றது தெரியவந்தது. அதே தவணைக்கு அரசு 8 சதவீதத்துக்குள் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ப்ரெட் மூன்றைத் தாண்டிவிட்டது. நிறுவனத்தின் பங்கு அன்று ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

அன்று ரேட்டிங் என்ன? AAA. அது AA+ ஆக இறங்கியது 2019 பிப்ரவரியில். ஜூன் தொடக்கத்தில் வட்டி கட்டத் தவறியதும் D. விலை சத்தம் போட்டதற்கும் எழுத்து முதன்முதலாக அசைந்ததற்கும் நடுவே நான்கு மாதத்துக்கு மேல் இடைவெளி.

அடிப்படைக் கோளாறு மறைவானது அல்ல. பதினைந்து, இருபது ஆண்டு வீட்டுக்கடன் கொடுத்துவிட்டு, அதற்கான பணத்தில் ஒரு பங்கைச் சில மாதத் தவணைக் கடனாக வாங்கி வாங்கிப் புதுப்பித்து ஓட்டும் தொழில் அது. ஒருநாள் யாரும் புதுப்பிக்க மறுத்தால் நல்ல கடன்கள் கையில் இருந்தாலும் பணம் இருக்காது. பின்னால் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொண்டன.

2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி நிர்வாகக் குழுவை நீக்கியது. திவால் சட்டத்தின் கீழ் வழக்கு போய், 2021 செப்டம்பரில் பிரமல் குழுமம் 34,250 கோடி ரூபாய்க்கு நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்தவர்களின் மொத்தக் கோரிக்கை சுமார் 87,000 கோடி. அந்த 34,250 கோடியிலும் பாதிக்கு மேல் ரொக்கம் அல்ல, 6.75 சதவீத வட்டியில் புதிய பத்தாண்டுப் பத்திரங்கள். நாற்பது ரூபாய் திரும்ப வரும் என்று மேலே நான் வைத்தது இதை மனதில் வைத்துத்தான். காத்திருந்த இரண்டேகால் ஆண்டு அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

வாங்கிய பிறகு எதைக் கவனிப்பது

பட்டியலிட்ட பத்திரம் என்றால் தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தைத் தளங்களில் கடைசியாக எந்த விலையில் கைமாறியது என்று பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த விலையை RATE சூத்திரத்தில் போட்டு, அதே தவணை அரசுப் பத்திரத்தின் ஈல்டைக் கழித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்தைவிட இந்த எண் சீக்கிரம் பேசும்.

இப்படி: 9 சதவீதக் கூப்பன், இரண்டு ஆண்டு பாக்கி, ரேட்டிங் AA. விலை 930. சூத்திரம் 13.2 சதவீதம் என்கிறது. அரசுப் பத்திரம் 6 என்றால் ஸ்ப்ரெட் 7.2. அறுபதால் வகுத்தால் ஆண்டுக்கு எட்டில் ஒன்றுக்கு அருகே ஆபத்து. AA என்ற எழுத்துக்குச் சற்றும் பொருந்தாத எண் அது. அப்போது எழுத்தை நம்பாதீர்கள். ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்று மேலும் வாங்கவும் வேண்டாம்.

ஒரே எச்சரிக்கை: சில்லறைப் பத்திரங்களில் ஒரு நாளில் பத்து, இருபது பத்திரம்தான் கைமாறும். அவசரத்துக்கு ஒருவர் விற்ற விலையைப் பார்த்துப் பதறக் கூடாது. அதே நிறுவனத்தின் இரண்டு மூன்று பத்திரங்களின் விலை சில வாரம் தொடர்ந்து இறங்கினால், கூடவே அதேபோன்ற மற்ற நிறுவனங்களின் பத்திரம் இறங்காமல் இருந்தால், அது செய்தி.

எவ்வளவு போடலாம்

‘ஐந்து சதவீதம், பத்து சதவீதம்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, நட்டத்திலிருந்து பின்னோக்கி வருவது எனக்குப் பிடிக்கும். ஒரு நிறுவனம் கவிழ்ந்தால் என் மொத்தச் சேமிப்பின் ஓராண்டு வட்டிக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. 20 லட்சம் சேமிப்பு, 7 சதவீதம், ஓராண்டு வட்டி 1,40,000. நூற்றுக்கு அறுபது போகும் என்றால் ஒரு நிறுவனத்தில் போடக்கூடிய உச்சம் 2,33,000 அளவு. ஒரே குழுமத்தின் நான்கு நிறுவனங்களை ஒன்றாகவே எண்ண வேண்டும், ஐ.எல்.&எஃப்.எஸ். வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும்.

AAA, AA-க்குக் கீழே எச்சரிக்கையானவர் போக வேண்டியதில்லை என்பது என் முடிவு. A ரேட்டிங் பத்திரங்கள் எல்லாம் கெட்டவை என்பதால் அல்ல. அந்தக் கூலி நியாயமாக இருக்க வேண்டுமானால் பதினைந்து இருபது பத்திரம் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள நேரம் வேண்டும். அப்படிப் பரப்ப முடியாதவர் முதலில் ரீடெய்ல் டைரக்டில் ஒரு கணக்கைத் திறந்து, இரண்டு மூன்று ஆண்டில் முதிரும் அரசுப் பத்திரம் ஒன்றைச் சிறு தொகைக்கு வாங்கிப் பாருங்கள். 10,000 ரூபாய் போதும். விலை ஏறி இறங்குவதையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வங்கிக் கணக்கில் விழுவதையும் ஓராண்டு பார்த்தால், அடுத்து ஒரு நிறுவனத்தின் 10.5 சதவீத விளம்பரம் வரும்போது எதிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்பது கையிலேயே இருக்கும்.